ரவுட்டரில் ‘லிஸ்ட்’ போட்டால் பக்கத்து வீட்டு போன் நின்றுவிடுமா?

வைஃபை பாஸ்வேர்டு அக்கம்பக்கத்தில் பரவிவிட்டது என்று தெரிந்ததும், விவரம் தெரிந்த யாராவது ஒருவர் சொல்லும் யோசனை இது: “ரவுட்டரில் மேக் ஃபில்டர் போட்டுவிடுங்கள், நம்ம வீட்டுப் பொருட்கள் மட்டும்தான் சேர முடியும்.” செய்யலாம். செய்வதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது தெரிந்து செய்ய வேண்டும். எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் இருப்பது டிபி-லிங்க் நிறுவனத்தின் TL-WR841N ரவுட்டர். பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி. இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, ஒரு பிரின்டர் உள்ள அந்த வீட்டில் செய்ததையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ரவுட்டர் வேறாக இருந்தால் மெனுவின் பெயர் மாறும். நடக்கும் காரியம் மாறாது.

1. முதலில் இது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வைஃபையில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு அடையாள எண் உண்டு. போன் ரவுட்டருடன் சேர முயலும்போது அனுப்பும் முதல் செய்தியிலேயே இந்த எண் இருக்கும். ஃபில்டர் போட்டிருந்தால் ரவுட்டர் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடும். இருந்தால் மேற்கொண்டு பேசும்; இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும். அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் வண்டி நம்பர்ப் பலகையைப் பார்த்து, கையிலுள்ள நோட்டுடன் ஒப்பிட்டு கேட்டைத் திறப்பது போலத்தான். வண்டியை ஓட்டுவது யார் என்று அவர் பார்ப்பதில்லை. நம்பர்ப் பலகை தெருவில் போகும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதையும் இப்போதே மனதில் போட்டு வையுங்கள். 8-வது குறிப்பில் தேவைப்படும்.

2. மேக் அட்ரஸ் என்பது 12 இலக்கம், இரண்டிரண்டாக ஆறு ஜோடி. 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் வரலாம். 00-00-5E-00-53-2B என்பது போல இருக்கும். சில இடங்களில் நடுவில் சிறு கோடு, சில இடங்களில் முக்காற்புள்ளி, எண் ஒன்றுதான். டிபி-லிங்க் பக்கத்தில் கோடு போட்டு எழுத வேண்டும்.

பொருளைத் தயாரித்த கம்பெனி பதித்து அனுப்பும் எண்ணில் முதல் மூன்று ஜோடி அந்தக் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் இப்போதைய போன்கள் பெரும்பாலும் அந்த அசல் எண்ணைக் காட்டுவதில்லை. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் போனைப் பின்தொடர முடியாமல் இருக்க, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனி எண்ணைத் தானே உருவாக்கிக் கொடுக்கின்றன. ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் இதுதான் வழக்கம். எது அசல், எது உருவாக்கியது என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: இடமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் போன் தானே உருவாக்கிய எண். DA-3C-51-0E-97-4B என்று ஒன்று தெரிந்தால், இரண்டாவது இலக்கம் A. கம்பெனி எண் அல்ல.

3. ஃபில்டரில் இரண்டு வகை. ‘இந்தப் பட்டியலில் உள்ளவற்றை விடாதே’ என்பது ஒன்று. ‘இந்தப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் விடு’ என்பது இன்னொன்று. 841N-ல் Filtering Rules என்ற இடத்தில் Deny, Allow என்று தொடங்கும் இரண்டு வரிகள் இவைதாம். புதிய ரவுட்டர்களில் Blacklist, Whitelist என்றும் இருக்கும்.

பலரும் முதல் வகையைத்தான் போடுகிறார்கள். தெரியாத ஒரு போன் தெரிகிறது, அதைத் தூக்கித் தடைப்பட்டியலில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தப் போன்காரர் தன் செட்டிங்ஸில், அந்த வைஃபைக்கு உரிய Privacy என்ற இடத்தைத் திறந்து, உருவாக்கிய எண்ணிலிருந்து அசல் எண்ணுக்கு மாற்றினால் போதும். ரவுட்டருக்கு அது புதிய போன். உள்ளே வந்துவிடுவார். அவர் இதை வேண்டுமென்றே செய்யக்கூட வேண்டாம், ‘வைஃபை எடுக்கலையே’ என்று எதையாவது தட்டிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடும். தடைப்பட்டியல் இன்றைய போன்களுக்கு ஏற்றதல்ல. போடுவதானால் அனுமதிப் பட்டியல் போடுங்கள்.

4. அனுமதிப் பட்டியலுக்கு முதல் வேலை, வீட்டில் உள்ளவற்றின் எண்களைச் சேகரிப்பது. ஒவ்வொரு போனாகத் திறந்து, பொடி எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதினால் B எட்டாகும், D பூஜ்யமாகும். அதைவிட ரவுட்டரிடமே கேட்பது நல்லது. லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை, பெரும்பாலும் tplinkwifi.net அல்லது 192.168.0.1, அடித்து உள்ளே போங்கள். இடது பக்கம் DHCP, அதன் கீழ் DHCP Clients List. இப்போது சேர்ந்திருக்கும் பொருட்கள், அவற்றின் மேக் அட்ரஸ், சில சமயம் பெயர் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

பெயர் இல்லாத வரிகள்தான் தலைவலி. மூன்றாம் மாடி வீட்டில் பட்டியலைத் திறந்தபோது வரிகள் ஆறு. வீட்டில் உள்ளவை ஐந்து. எது கூடுதல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேப்டாப் தவிர மற்ற எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் Refresh கொடுத்துப் பாருங்கள். புதிதாக வரும் வரி இப்போது நீங்கள் போட்ட பொருளுடையது. இந்தப் பட்டியல் வெளியேறிய பொருளையும் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், Wireless பிரிவில் உள்ள Wireless Statistics பக்கத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. அங்கே அந்த நேரத்தில் காற்றில் இணைந்திருப்பவை மட்டும்தான் தெரியும். அந்த வீட்டில் மற்ற எல்லாம் அணைத்த பிறகும், லேப்டாப்பின் வரி போக இன்னொரு வரி அசையாமல் இருந்தது. அதுதான் பக்கத்து வீட்டுப் போன்.

விண்டோஸ் லேப்டாப்பின் எண்ணைச் சரிபார்க்க வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
getmac /v
```

இரண்டு மூன்று எண்கள் வரும். கேபிள் குத்தும் இடத்துக்கு ஓர் எண், வைஃபைக்கு வேறு எண். Wi-Fi என்று இருக்கும் வரிதான் நமக்கு. ஸ்மார்ட் டிவியிலும் இதே கதைதான். செட்டிங்ஸில் கேபிளுக்கும் வைஃபைக்கும் தனித்தனி எண் காட்டும். தவறான எண்ணைச் சேர்த்துவிட்டு ‘டிவி மட்டும் வரமாட்டேன் என்கிறது’ என்று புலம்புபவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை இது.

5. போன்களைச் சேர்க்கும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். உருவாக்கிய எண் என்றாலும், ஆண்ட்ராய்டு போன் ஒரே வைஃபைக்கு வழக்கமாக ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால் Clients List-ல் தெரியும் எண்ணை அப்படியே பதிந்துகொள்ளலாம்; போனில் எதையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அந்த எண் உங்கள் வைஃபையின் பெயரோடு கட்டுப்பட்டது. அழகுக்காக வைஃபையின் பெயரை மாற்றினால் போன் அதைப் புதிய வைஃபை என்று எடுத்துக்கொண்டு புதிய எண்ணைக் காட்டும். பட்டியலில் இருக்கும் பழைய எண் செல்லாது. வீட்டு போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே நிற்கும், டிவியும் பிரின்டரும் மட்டும் புதிய பெயரில் சேர்த்ததும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும். இப்படி நடந்தால் காரணம் இதுதான்.

ஐபோனில் Settings, Wi-Fi, உங்கள் வைஃபை பெயருக்கு எதிரே உள்ள ‘i’ பொத்தானைத் தட்டினால் Private Wi-Fi Address என்று இருக்கும். ஐஓஎஸ் 18-ல் இதில் Off, Fixed, Rotating என்று மூன்று நிலை. Rotating என்றால் எண் அவ்வப்போது மாறும், பட்டியலுக்கு ஆகாது. வீட்டு வைஃபைக்கு Fixed வைத்துவிட்டு அந்த எண்ணைப் பதியுங்கள். சிலர் Off போட்டு அசல் எண்ணைப் பதியச் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் ஒரு பலவீனமான காவலுக்காகப் போனில் உள்ள நல்ல பாதுகாப்பு ஒன்றை அணைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

6. இப்போது பட்டியலில் ஏற்றுவது. இந்த ஒரு வேலையை மட்டும் லேப்டாப்பை ரவுட்டரில் லேன் கேபிள் போட்டு இணைத்துச் செய்யுங்கள். வைஃபை வழியாகச் செய்யும்போது, உங்கள் லேப்டாப்பைச் சேர்க்குமுன் ஃபில்டரை இயக்கிவிட்டால், இயக்கிய நொடியே நீங்களும் வெளியே. 841N-ல் இந்த ஃபில்டர் வைஃபைக்கு மட்டும்தான். கேபிளில் வருபவரை அது கேட்பதே இல்லை. அதனால் கேபிள் இருந்தால் எப்போதும் உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

Wireless பிரிவில் Wireless MAC Filtering பக்கத்தைத் திறவுங்கள். மேலே அது Disabled என்று இருக்கும். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். Add New கொடுங்கள். MAC Address கட்டத்தில் எண்ணை ஒட்டுங்கள். Description என்ற கட்டத்தில் ‘அம்மா போன்’ என்பதை amma phone என்று ஆங்கில எழுத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 12 இலக்கத்தைப் பார்த்து எது யாருடையது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. Status-ல் Enabled. Save. இப்படி ஐந்தையும் ஏற்றிய பிறகு, Filtering Rules-ல் Allow என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக Enable பொத்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

கேபிள் இல்லாமல் செய்து மாட்டிக்கொண்டால், ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானைப் பத்து நொடி போல அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்கு வரும். ஃபைபர் இணைப்புக்காக நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால் அதை மட்டும் செய்யாதீர்கள். இணைப்புக்கான யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள் இருக்கும். அழிந்தால் டெக்னீஷியன் வரும்வரை இன்டர்நெட் கிடையாது.

7. போட்ட ஃபில்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். பட்டியலில் ஒரு போனின் Status-ஐ Disabled ஆக்கி Save செய்துவிட்டு, அந்தப் போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். சேரக்கூடாது. ‘உன்னை ரவுட்டர் தடுத்திருக்கிறது’ என்று போன் தெளிவாகச் சொல்லாது. ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும் வரும், அல்லது சேர்வது போலப் போய்த் திரும்பத் திரும்ப விடுபடும். வீட்டுக்கு வந்த மாமா சரியான பாஸ்வேர்டை மூன்று முறை அடித்தும் சேரவில்லை என்றால் அவர் கையில் கோளாறு இல்லை, பட்டியலில் அவர் இல்லை.

2.4, 5 என இரண்டு அலைவரிசை உள்ள ரவுட்டர்களில் இன்னொரு சோதனையும் வேண்டும். சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றில் போட்டுவிட்டு மற்றதை மறந்தால் ஒரு கதவு பூட்டி, ஒரு கதவு திறந்து கிடக்கும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தால், ஒரே போன் இரண்டு பெயரிலும் இரண்டு எண் காட்டும். இரண்டையும் ஏற்ற வேண்டும்.

8. சரி, பூட்டியாயிற்று. ஏன் இதைப் பலவீனமான காவல் என்கிறேன்?

வைஃபை என்பது காற்றில் பேசுவது. உங்கள் போன் ரவுட்டருக்கு ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறது. பொட்டலத்தின் உள்ளே இருப்பதை, அதாவது நீங்கள் பார்க்கும் படம், அனுப்பும் செய்தி எல்லாவற்றையும், WPA2 அல்லது WPA3 பாதுகாப்பு மறைத்துவிடும். பாஸ்வேர்டு இல்லாதவரால் அதைப் படிக்க முடியாது. ஆனால் பொட்டலத்தின் மேல் ‘யாரிடமிருந்து, யாருக்கு’ என்று எழுதியிருக்க வேண்டுமே. அந்த மேலெழுத்தில் அனுப்புபவர் மேக் அட்ரஸும் பெறுபவர் மேக் அட்ரஸும் மறைக்காமல் அப்படியே இருக்கும். மறைத்தால் தனக்கு வந்ததா என்று ரவுட்டருக்கே தெரியாது. 2018-ல் வந்த WPA3-யிலும் இது மாறவில்லை.

விளைவு இதுதான்: உங்கள் டிவி ஒரு படம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ‘நான் 00-00-5E-00-53-2B’ என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், வைஃபை சிக்னல் எட்டும் தூரத்தில், தகுந்த வைஃபை கார்டும் இலவச மென்பொருளும் உள்ள ஒருவருக்கு அது கேட்கும். உங்கள் வைஃபையில் அவர் சேர வேண்டியதே இல்லை. உங்கள் அனுமதிப் பட்டியலில் இருக்கும் எண்களை, உங்கள் வீட்டுப் பொருட்களே காற்றில் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

9. எண் தெரிந்துவிட்டது. அதைத் தன் பொருளில் போட்டுக்கொள்ள முடியுமா? அதுதான் இதில் மிகச் சுலபமான பகுதி. உபுண்டு போட்ட லேப்டாப் இருந்தால், வைஃபை செட்டிங்ஸில் உங்கள் இணைப்பின் பல்சக்கரத்தைத் தட்டி Identity என்ற பகுதியைப் பாருங்கள். Cloned Address என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த எண்ணை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஹேக்கர்களின் ரகசியக் கருவி ஒன்றும் இல்லை, சாதாரண செட்டிங்ஸ் கட்டம்.

இன்னும் வேடிக்கை வேண்டுமானால், உங்கள் 841N-லேயே Network பிரிவில் MAC Clone என்று ஒரு பக்கம் இருக்கிறது. சில கேபிள் இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் கணினியின் மேக் அட்ரஸைப் பதிந்துகொண்டு அதற்கு மட்டும் இணைப்புத் தரும். புதிதாக ரவுட்டர் வாங்கி வைத்தால் இன்டர்நெட் வராது. அதற்காகவே, கணினியின் எண்ணை நகலெடுத்து ரவுட்டர் தன் எண்ணாகக் காட்டும் வசதி. ஒரே பெட்டியில் ஒரு பக்கம் எண்ணை நம்பிக் காவல் காக்கிறது, இன்னொரு பக்கம் எண்ணை மாற்றிக்கொள்ளப் பொத்தான் தருகிறது.

நம்பிக்கை வராவிட்டால் உங்கள் வீட்டுப் பொருட்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். மூன்றாம் மாடி வீட்டில் செய்தது இது: லேப்டாப்பை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தோம், சேரவில்லை. பிரின்டரை அணைத்துவிட்டு, அதன் எண்ணை லேப்டாப்பின் Cloned Address கட்டத்தில் போட்டோம், உடனே சேர்ந்துவிட்டது. ரவுட்டரின் பட்டியலில் ‘பிரின்டர்’ யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரே எண்ணில் இரண்டு பொருட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தால் இரண்டுக்கும் இணைப்பு நிலைக்காது, மாறி மாறி விடுபடும். அதனால் அடுத்தவர் நகலெடுப்பவராக இருந்தால் நீங்கள் பயன்படுத்தாத நேரம் பார்த்துத்தான் செய்வார். வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில், கையோடு கொண்டுபோன போனின் எண் Wireless Statistics பக்கத்தில் தெரிந்தால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

10. ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணை நகலெடுத்தவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டு தெரியாமல் எண் மட்டும் தெரிந்து பயனில்லை. அப்படியானால் இரண்டும் இருந்தால் இரட்டைப் பூட்டுத்தானே என்று கேட்கலாம். பாஸ்வேர்டை உடைக்கும் அளவுக்கு விவரம் உள்ளவருக்கு, எண்ணை நகலெடுப்பது இரண்டு நிமிட வேலை. அந்த விவரம் இல்லாதவருக்கு நல்ல பாஸ்வேர்டு ஒன்றே போதும், உள்ளே வர முடியாது. இரண்டுக்கும் நடுவே, பாஸ்வேர்டு கையில் கிடைத்திருக்கிறது, ஆனால் செட்டிங்ஸைத் தோண்டத் தெரியாது என்ற பக்கத்து வீட்டுக்காரரை மட்டும்தான் ஃபில்டர் தடுக்கும். அவருக்கும் வேறு எளிய மருந்து இருக்கிறது.

11. அந்த மருந்து, பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றிய உடனே பழையதை வைத்திருக்கும் எல்லாப் பொருட்களும் வெளியேறிவிடும், எண் எதுவாக இருந்தாலும். பட்டியல் எழுதும் அதே அரை மணி நேரத்தில் வீட்டின் ஐந்து பொருட்களிலும் புதிய பாஸ்வேர்டைப் போட்டுவிடலாம். வைஃபையின் பெயரை மட்டும் மாற்றாமல் விடுங்கள்.

என்ன பாஸ்வேர்டு என்பதில்தான் நம் ஊரில் கோட்டை விடுகிறோம். எத்தனையோ வீடுகளில் வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் மொபைல் எண். பத்து இலக்கம் பெரிதாகத் தெரியும். ஆனால் இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள்தான். WPA2-வில், உங்கள் போன் ரவுட்டருடன் சேரும் அந்த ஒரு நொடி உரையாடலைப் பதிந்துகொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு 400 கோடி என்பது சில மணி நேர வேலை. அதைவிட, உங்கள் எண் அவரிடம் ஏற்கெனவே இருக்கலாமே! தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். இருபது எழுத்துக்கு மேல் தானாக வந்துவிடும், டிவி ரிமோட்டில் அடிப்பது மட்டும் கொஞ்சம் சிரமம்.

அதோடு, Wireless Security பக்கத்தில் WPA2, AES என்று இருக்கிறதா பாருங்கள். புதிய ரவுட்டரில் WPA3 இருந்தால் அது. WEP என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். WPS வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த விஷயம். ரவுட்டர் பக்கத்தில் நுழையும் பாஸ்வேர்டு இன்னும் admin என்றே இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வைஃபைக்குள் வந்த யாரும் உங்கள் பட்டியலில் தன் போனைத் தானே சேர்த்துக்கொள்ளலாம்.

12. பாஸ்வேர்டு வெளியே போகும் வழியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் வைஃபை பெயரைத் தட்டி Share கொடுத்தால் கியூஆர் குறி வரும். பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் எழுத்தாகவே இருக்கும். விருந்தாளி ஒருவருக்கு நீங்கள் கொடுத்ததை, அவர் பையன் தன் நண்பனுக்குக் காட்டினால் முடிந்தது. வந்துபோகிறவர்களுக்கு ரவுட்டரில் Guest Network இருந்தால் அதைத் திறந்து, வேறு பாஸ்வேர்டு வையுங்கள். தீபாவளி, பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு அதை மட்டும் மாற்றினால் போதும். வீட்டுப் பொருட்களைத் தொட வேண்டாம். அனுமதிப் பட்டியல் வைத்திருந்தாலோ, ஒவ்வொரு விருந்தாளியின் எண்ணையும் ஏற்றிவிட்டு, போன பிறகு நீக்க வேண்டும். யாரும் நீக்குவதில்லை.

13. அப்படியானால் மேக் ஃபில்டரை எங்கேதான் பயன்படுத்துவது? வீட்டு நிர்வாகத்துக்கு, காவலுக்கு அல்ல. பிள்ளையின் டேப்லெட் இரவு ஒன்பதுக்கு மேல் இணையத்தில் இருக்கக்கூடாது என்றால், 841N-ல் Parental Control, Access Control பகுதிகள் மேக் அட்ரஸை வைத்து நேரக் கட்டுப்பாடு போட உதவும். டேப்லெட்டின் எண் இரண்டாவது இலக்கத்தில் 2, 6, A, E என்று தெரிந்தால், அதில் முதலில் Privacy பகுதியில் Use device MAC என்று மாற்றி, அந்த எண்ணைப் பதியுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் இது செல்லும். பதினான்கு வயதில் அந்த Privacy மெனுவைக் கண்டுபிடித்து எண்ணைத் திருப்பி மாற்றிவிடுவான்; அப்போது Clients List-ல் அதே பெயரில், இரண்டாவது இலக்கம் மாறிய ஒரு புது வரி தெரியும். பிரின்டருக்கு எப்போதும் ஒரே உள்வீட்டு முகவரி கிடைக்கச் செய்யும் Address Reservation வேலைக்கும் இதே எண்தான் பயன்படுகிறது. மூன்றாம் மாடி வீட்டில் கடைசியில் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். பாஸ்வேர்டை மாற்றினார்கள், WPS-ஐ அணைத்தார்கள், Wireless MAC Filtering மறுபடி Disabled.